லேப் டிப் உறை எங்கே கிடந்தது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை முறைகளைச் சீர்செய்வது என் பொறுப்பு. ஓர் ஆர்டர் தாமதமானால் எல்லாப் பிரிவினரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுவோம். அந்தக் கூட்டங்களில் யாரும் பொய் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. "எங்கள் வேலையை அன்றைக்கே முடித்துவிட்டோமுங்க" என்பார், ஆடை வாங்கும் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சாயப்பட்டறைக்காரரும் அதையே சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனாலும் கடந்த முறை ஒரு நீல நிறத்துக்கு ஒப்புதல் வாங்க 22 நாள் ஆகியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்விம்லேன் வரைபடம் போடத் தொடங்கிவிடுவேன். போட்டி நீச்சல் குளத்தில் கயிறு கட்டித் தடம் பிரிப்பார்கள் அல்லவா, அதேபோல ஒரு பெரிய தாளில் கிடைக்கோடுகள் போட்டு, ஒரு பிரிவுக்கு ஒரு தடம் என்று ஒதுக்குவது. நாள்கள் இடமிருந்து வலமாக நகரும். வேலையை யார் செய்கிறாரோ அவர் தடத்தில் ஒரு பெட்டி. வேலை கை மாறும்போது அம்புக்குறி கோட்டைத் தாண்டும். கியரி ரம்லர், ஆலன் பிரேக் என்ற இரு அமெரிக்கர்கள் 1990-இல் வெளியிட்ட நூலால் இது பரவலானது.

பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் எனக்குக் கோபம் உண்டு. பெட்டிக்குள் என்ன எழுத வேண்டும், எந்த வடிவத்துக்கு என்ன பொருள் என்று அரைநாள் ஓட்டுவார்கள். பெட்டிக்குள் இருப்பது அந்தப் பிரிவுக்காரருக்கு மனப்பாடம். அதில் தவறு அபூர்வம். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் போகும் அம்புதான் யாருக்கும் சொந்தமில்லாதது. அந்த நீல நிறத்தின் கதையும் அம்புகளில்தான் இருந்தது.

முதலில் வழக்கமான பாதையைச் சொல்லிவிடுகிறேன். பையர் நிறத்தின் பான்டோன் எண்ணை, அதாவது நிறங்களை அடையாளம் காட்டும் பொது எண்ணை, அனுப்புவார். மெர்ச்சண்டைசர் அதை வைத்து லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டு, கேட்டு எழுதித் துணிப்பிரிவுக்குக் கொடுப்பார். ஆர்டருக்கு எந்தத் துணியோ அதே துணியில் சாயமேற்றாத ஒரு துண்டைத் துணிப்பிரிவு சாயப்பட்டறைக்கு அனுப்பும். அங்கே ஆய்வகத்தில் சிறு அளவில் சாயமேற்றி, ஏ, பி, சி என்று சற்றே வேறுபட்ட மூன்று துண்டுகளைத் திருப்பித் தருவார்கள். அவை கூரியரில் பையருக்குப் போகும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றலாம். தடங்கள் நான்கே: பையர், மெர்ச்சண்டைசிங், துணிப்பிரிவு, சாயப்பட்டறை.

வரையும்போது எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "வழக்கமாக இப்படித்தான் செய்வோம்" என்று யாராவது தொடங்கினால் நிறுத்திவிடுவேன். வழக்கம் என்பது எல்லாம் சரியாக நடந்த ஒரு நாளின் நினைவு. கடைசியாக முடிந்த ஓர் ஆர்டரை எடுத்து, டெலிவரி சலானையும் மின்னஞ்சல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதி போட்டு வரைவோம். ஒட்டும் காகிதத்தில் எழுதி ஒட்டுவதுதான் நல்லது. கணினியில் அழகாக வரைந்துவிட்டால் அதை மாற்றச் சொல்ல எவருக்கும் மனம் வராது.

முதல் நாள் செவ்வாய்க்கிழமை. பையரின் எண் வந்தது. மூன்றாம் நாள் துணி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள், சனிக்கிழமை மாலை, துண்டுகள் தயாராகிக் கிளம்பிவிட்டன. அதுவரை பழுதில்லை. ஆனால் மெர்ச்சண்டைசர் கூரியர் அனுப்பியது எட்டாம் நாள் மாலை. நடுவில் மூன்று நாள். சாயப்பட்டறைத் தடத்திலிருந்து மேலே போகும் அம்பை வரைந்துவிட்டு, நான் எப்போதும் கேட்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இந்த அம்பில் எந்தப் பொருள் போகிறது? அது வந்து சேர்ந்தது யாருக்கு எப்படித் தெரியும்?

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது: ஓர் உறை. இரண்டாவதற்கு அறையே அமைதியாகிவிட்டது. கடைசியில் வேன் ஓட்டும் அண்ணனை அழைத்துக் கேட்டோம். "துணி ரோல்களைக் குடோனில் இறக்குவேன். உறையை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுவேனுங்க" என்றார். செக்யூரிட்டி திங்கட்கிழமை துணிப்பிரிவில் வைத்தார். துணிப்பிரிவுக்கு அது மெர்ச்சண்டைசரின் சங்கதி. அவர்களாகவே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று மேசையில் கிடந்தது. மெர்ச்சண்டைசரோ சாயப்பட்டறை இன்னும் தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நான்கு தடங்களில் வேனும் இல்லை, வாசலும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஐந்தாவதாக ஒரு தடம் போட்ட பிறகே படம் படமாயிற்று.

அடுத்தது இதைவிட மோசம். பதினான்காம் நாள் பையரிடமிருந்து பதில் வந்தது: மூன்றுமே சிவப்புச் சாயல் அதிகம், திரும்ப அனுப்பவும். சாயப்பட்டறைக்காரருக்குக் கோபம். நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் தன் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் பான்டோன் துண்டோடு வைத்துப் பார்த்துப் பொருத்தம் சரியாக இருந்ததால்தான் அனுப்பினார். அவர் பார்த்தது பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில். பையர் பார்த்தது டிஎல்84 விளக்கில். கடைக்குள் எரியும் குழல்விளக்கின் வெளிச்சம் அது. வேறு வேறு சாயங்களால் உருவான இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது சாயத்தொழிலில் பழைய தலைவலி. எந்த விளக்கு என்பது பையரின் முதல் மின்னஞ்சலிலேயே இருந்தது. மெர்ச்சண்டைசரிடமிருந்து துணிப்பிரிவுக்குப் போன அம்பின் மேல் "லேப் டிப் கோரிக்கை" என்று எழுதியிருந்தேன். அந்தக் கோரிக்கைத் தாளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், அதில் பான்டோன் எண்ணுக்கு இடம் இருக்கிறது, துணியின் எடைக்கு இடம் இருக்கிறது, விளக்குக்கு இடமே இல்லை. அந்த ஒரு சொல் அந்தக் கோட்டைத் தாண்டும்போதே விழுந்துவிட்டது. அதன் விலை எட்டு நாள்: பதினைந்தாம் நாள் மறுபடி சாயப்பட்டறை, பதினேழாம் நாள் கூரியர், இருபத்திரண்டாம் நாள் ஒப்புதல்.

தடத்துக்கு ஆளின் பெயரைப் போடாதீர்கள். போட்டால் இந்த இடத்தில் கூட்டம் சண்டையாக முடியும்; பிரிவின் பெயர் இருந்ததால்தான் பேச்சு அந்தத் தாளைப் பற்றியதாகவே இருந்தது. பையரையும் சாயப்பட்டறையையும் எங்கள் பிரிவுகளைப் போலவே வரைந்தது என் தவறு. வேலை முறைகளை வரைவதற்கான பிபிஎம்என் என்ற குறியீட்டு முறையில் வெளி நிறுவனத்துக்குத் தனிக் குளம். இரண்டு குளங்களுக்கு இடையே முழுக்கோடு போடக் கூடாது, விட்டுவிட்டு வரையும் செய்திக் கோடுதான் அனுமதி. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். எங்கள் தடத்துக்குள் மேலாளர் சொன்னால் வேலை நகரும். வெளியே நாம் செய்தி மட்டும்தான் அனுப்ப முடியும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கோடு சொல்வது இதைத்தான்.

இந்தப் படத்தில் தெரியாதவையும் உண்டு. அந்த மெர்ச்சண்டைசர் கையில் அதே வாரம் எத்தனை ஆர்டர்கள் இருந்தன என்பதை எந்தத் தடமும் காட்டாது. அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

கோரிக்கைத் தாளில் விளக்குக்கு ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. வேன்கார அண்ணன் இப்போது உறையை வாசலில் கொடுத்ததும் மெர்ச்சண்டைசருக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. "கூரியரில் போகலாமா, வேண்டாமா" என்ற முடிவுக்கான சாய்சதுரத்தை எந்தத் தடத்தில் வைப்பது என்று மெர்ச்சண்டைசிங்கும் துணிப்பிரிவும் இன்னும் வாதாடுகின்றன. அந்த மஞ்சள் காகிதத்தை இரண்டு தடங்களுக்கும் நடுவில், கோட்டின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் அதைக் கொஞ்சம் எதிராளியின் பக்கம் நகர்த்திவிட்டுப் போகிறார்.