"ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினால் போதுமா?

காரைக்குடிப் பக்கம் மனநல மருத்துவராக இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு கேஸ் ஷீட்டில் இப்படி இருந்தது: "வன்முறை, ஒத்துழைக்கவில்லை, உறவினர் கேட்டுக்கொண்டதால் அட்மிஷன்." 61 வயது ஆச்சி ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே வைக்க இந்த ஒரு வரிதான் ஆதாரம்.

போய் உட்கார்ந்து பேசினேன். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார், பங்காளிகள் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற பயத்தில் பிரிக்காமல் வரும் பிஸ்கட் பாக்கெட் மட்டும்தான் பன்னிரண்டு நாளாகச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரையும் நிறுத்தியாச்சு, அன்றைக்குச் சர்க்கரை 410. அந்த "வன்முறை" என்னவென்றால், நீட்டிய சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். யாருக்கும் அடியில்லை, யாரும் பயப்படவுமில்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 89 சம்மதமில்லாமல் சேர்க்க மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: தனக்குத் தீங்கு, பிறருக்குத் தீங்கு அல்லது தீங்கு வருமோ என்று பிறரைப் பயப்பட வைப்பது, தன்னையே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பது. இவருக்கு மூன்றாவது. தவறான காரணத்தை எழுதினால் சேர்க்கையே சட்டத்தின் முன் நிற்காது, அதோடு வீட்டுப் பங்கு வழக்கு நடக்கிற குடும்பத்தில் "வன்முறை" என்ற சொல் அந்தம்மாவை வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

அதனால் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன்: என்ன சாப்பிட்டார், எத்தனை நாள், யார் சொன்னது, நான் என்ன கேட்டேன். "இன்சுலின் போடாவிட்டால் என்ன ஆகும்?" என்றதற்கு, "ஒன்றும் ஆகாது, ஊசியில்தானே விஷம்" என்றார். முடிவெடுக்கும் திறன் இல்லை என்பதற்கு அந்தப் பதில்தான் சான்று, நோயின் பெயர் அல்ல. மகன் விண்ணப்பம் கொடுத்தார். இரண்டாவது டாக்டர் தனியாகப் பார்த்துத் தன் வார்த்தையில் எழுதினார். முதல் சான்றையே காப்பியடித்தால் அது தனிப் பரிசோதனை ஆகாது.

சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா என்ற அடுத்த கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வேறு வழியில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த வழியைப் பார்த்தோம், ஏன் ஆகவில்லை? தங்கச்சி நான்கு நாள் கூட இருந்து சமைத்தார், தொடவில்லை. நர்ஸ் வீட்டுக்கே போனார், கதவைத் திறக்கவில்லை. பொது வார்டில் சர்க்கரைக்கு மட்டும் வைத்தியம் பார்க்கலாம் என்று சேர்த்தோம், இரண்டே மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். எப்படிப்பட்ட வைத்தியம் வேண்டும், வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்த விருப்ப ஆவணம் உண்டா என்று மகனிடம் கேட்டோம், இல்லை. நான்கும் தேதியோடு இருக்கிறது. உள்ளே வந்தபிறகும், இன்னும் குறைந்த கட்டுப்பாட்டில் முடியுமா என்ற கேள்விதான்: கட்டிப்போடவில்லை, தங்கச்சி துணைக்கு, அவர் கண்முன்னே பிரிக்கிற பாக்கெட் சாப்பாடு.

பெண் என்பதால் மூன்று நாளுக்குள் இப்படிப்பட்ட சேர்க்கைகளைக் கண்காணிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போனது, மற்றவர்களுக்கு என்றால் ஏழு நாள். திறனை வாரம் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். முதல் வாரம் மாற்றமில்லை. 14-ஆம் நாள், "ஊசி போட்டால்தான் சர்க்கரை இறங்கும், சரி போடுங்கள்" என்றார். அன்றைக்கே கட்டாயச் சேர்க்கையை முடித்து, அவரே கையெழுத்துப் போட்டு மேலும் ஆறு நாள் இருந்தார்.