"புதுசா நாலு கேப்ஷன் குடுங்க" என்று கேட்பதற்கு முன்னால்

"வழக்கமானதா இல்லாம, ஃப்ரெஷ்ஷா வேணும்" என்று மட்டும் சொன்னால் எழுதுபவருக்கு ஒன்றும் புரியாது. உங்களுக்கு எது சலித்துப்போச்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தவிர்க்க வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலை யோசித்து எழுதக் கூடாது. யோசித்தால் 'அழகிய', 'தனித்துவமான', 'அசத்தலான' என்று ஊரறிந்த நாலு சொல்தான் வரும். உங்கள் சமூக ஊடகப் பக்கத்தின் கடைசி 30 கேப்ஷன்களை ஒரே இடத்தில் ஒட்டி, முதல் வரியை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். 'மேலும்' என்று மடங்குவதற்கு முன் கண்ணில் படுவது அதுதான். மூன்று தடவைக்கு மேல் வந்தது எதுவோ, அது பட்டியலில் ஏறட்டும்.

பலர் சறுக்குவது இதற்கு அப்புறம். சொல்லைத் தடுத்தால் அதன் அண்ணன் தம்பி வந்து நிற்கும். கையால் செய்த மண் கோப்பைக்கு கேப்ஷன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரி: "இது வெறும் கோப்பை அல்ல, ஓர் உணர்வு." 'உணர்வு' வேண்டாம் என்றால் "இது வெறும் கோப்பை அல்ல, ஓர் அனுபவம்" என்று வரும். அதையும் தடுத்தால் "ஒரு பந்தம்". தேய்ந்துபோனது அந்த ஒற்றைச் சொல் இல்லை, வாக்கியத்தின் அச்சு. அதனால் பட்டியலில் இப்படி எழுதுங்கள்: "'வெறும் இது அல்ல, அது' என்ற அமைப்பே வேண்டாம், எந்தச் சொல் போட்டாலும்." "ஒவ்வொரு கோப்பையும் ஒரு கதை சொல்லும்", "தேடிக்கொண்டிருந்தீர்களா?" இரண்டுக்கும் இதே வைத்தியம்.

பட்டியல் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். நாற்பது தடை போட்டால், எழுதுபவர் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கத்தான் எழுதுவார். வரி வழவழவென்று இருக்கும், ஒன்றும் சொல்லாது. பொருளின் பெயரையும், வாங்க வருபவர் தேடும் சொல்லையும் தடுத்துவிடாதீர்கள். 'மண் கோப்பை' முப்பது தடவை வந்திருந்தாலும் அது இருக்கட்டும்.

பழைய சொல்லை எடுத்த இடம் காலியாகத்தானே கிடக்கும்? அங்கே வைக்க மூன்று தகவல் கொடுங்கள். 220 மில்லி பிடிக்கும். கைப்பிடியில் இரண்டு விரல் நுழையும். அடியில் மெருகுப் பூச்சு ஏறாத ஒரு வளையம் உண்டு, ஏனென்றால் அங்கே மெருகு இருந்தால் சூளையில் உருகி, கோப்பை வைத்த தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதை வைத்து எழுதினால்:

"கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சொரசொரவென்று ஒரு வளையம். சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க அங்கே மட்டும் மெருகைத் துடைத்திருக்கிறோம்."

இதில் 'கைவண்ணம்' என்ற சொல்லே இல்லை, ஆனால் கை தெரிகிறது.

வந்த ஆப்ஷன்களைப் பார்க்கும்போது ஒரு சோதனை. கோப்பையை எடுத்துவிட்டுச் செருப்பு என்று போட்டுப் படியுங்கள். வரி அப்படியே பொருந்தினால், பட்டியலில் இல்லாத இன்னொரு தேய்ந்த வரி அது. திருப்பி அனுப்புங்கள், பட்டியலிலும் சேருங்கள்.

அப்புறம், நல்லா இருக்கே என்று "கவிழ்த்துப் பாருங்கள்" வரியையே அடுத்தடுத்து நாலு பதிவுக்குப் போட்டுவிட்டால், அடுத்த பட்டியலில் முதல் வரி அதுதான்.