ரெஃப்ரெஷ் அடித்தும் பிவட் சார்ட்டில் புது வரிகள் வராததற்கு அந்தப் பெண் காரணமில்லை

ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதும் பெண்ணுக்குப் போன மாதம் நல்ல திட்டு விழுந்தது. எக்ஸெல்லில் அவள் செய்துவைத்திருந்த பிவட் சார்ட் தப்பான அளவைக் காட்டியது என்பதுதான் புகார். "தினமும் ரெஃப்ரெஷ் பண்ணுகிறாயா இல்லையா?" என்று முதலாளி கேட்க, அவள் பண்ணுகிறேன் என்றாள். அவர் நம்பவில்லை. எனக்கு ஃபோன் செய்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. "அக்கா, சத்தியமாகத் தினமும் அழுத்துகிறேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஃபைலைத் திறந்து பார்த்த பிறகு, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இந்தச் சிக்கலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "ரெஃப்ரெஷ் அடி, வந்துவிடும்" என்கிறார்கள். அது பாதி பதில்தான். இந்த இடத்தில் பாதி பதில் ஆளைத் தவறாக நம்பவைத்துவிடுகிறது.

நடந்தது இதுதான். ஐந்து ஊர்களிலிருந்து சுமார் 40 பேர் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். ஆளுக்கு வேளைக்கு ஒரு வரி என்று ஒரு நாளைக்கு 80 வரி. தேதி, ஊர், வேளை, பெயர், லிட்டர், தொகை என்று ஆறு பத்திகள். மாதத்தின் 10ஆம் தேதி, கையில் 800 வரிகள் இருந்தபோது அவள் பிவட் சார்ட்டைச் செய்தாள். ஊருக்கு ஒரு தூண், தூணின் உயரம் அந்த ஊரின் மொத்த லிட்டர். பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் தினமும் கீழே புது வரிகளைச் சேர்த்து, மாலையில் ரெஃப்ரெஷ் அழுத்தி வந்தாள்.

20ஆம் தேதி முதலாளி சார்ட்டைப் பார்த்தார். மேற்கே இருக்கும் சின்ன ஊரின் தூண் 1,040 லிட்டர் என்றது. 20 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 52 லிட்டர். 80 லிட்டர் கூட வராத ஊருக்கு ஆட்டோ அனுப்பினால் டீசலுக்கே கட்டாது என்பது அவர் கணக்கு. அடுத்த வாரத்திலிருந்து அந்த ஊருக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் 16 குடும்பங்கள் ஊற்றுகிற ஊர் அது. அவர்களில் ஒருவர் தன் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த 1,040 முதல் 10 நாள் பால் மட்டும். ஊரின் உண்மையான வரவு நாளைக்கு 104 லிட்டர்.

பிவட் சார்ட் நேராக ஷீட்டைப் பார்த்து வரையப்படுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு பிவட் டேபிள் இருக்கிறது. அந்த டேபிளும் ஷீட்டை நேராகப் பார்ப்பதில்லை. டேபிளைச் செய்யும்போதே எக்ஸெல் நம் டேட்டாவை ஒரு நகல் எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. கூட்டல் எல்லாம் அந்த நகலில்தான் நடக்கிறது. ரெஃப்ரெஷ் என்றால் அந்த நகலைப் புதிதாக எடுப்பது. எங்கிருந்து எடுப்பது? செய்த நாளில் குறித்துவைத்த விலாசத்திலிருந்து. அவள் ஃபைலில் இருந்த விலாசம் இது:

```
Data!$A$1:$F$801
```

ஆக, ரெஃப்ரெஷ் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக வேலை செய்தது. 801ஆம் வரி வரைக்கும் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தது. 802க்குக் கீழே என்ன சேர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க அதற்கு யாரும் சொல்லவில்லை. இதில் அவளை இன்னும் ஏமாற்றிய விஷயம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள், 5ஆம் தேதி வரி ஒன்றில் 5.2 என்பதை 52 என்று அடித்திருந்ததைத் திருத்தி ரெஃப்ரெஷ் அழுத்தினாள். தூண் உடனே இறங்கியது. சரி, ரெஃப்ரெஷ் வேலை செய்கிறது என்று மனம் நிம்மதியாகிவிட்டது. 5ஆம் தேதி வரி அந்த விலாசத்துக்குள் இருந்ததால்தான் இறங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சார்ட்டின் கீழ்க்கோட்டில் தேதிகள் இருந்திருந்தால் படம் 10ஆம் தேதியோடு நின்றிருக்கும், யாருக்கும் கண்ணில் பட்டிருக்கும். ஊர்களை வைத்துச் செய்ததால் ஐந்து தூணும் முழுசாக நின்றன. ஐந்துமே பாதி உயரம். எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஊர்வாரி, கடைவாரி, பொருள்வாரி சார்ட் வைத்திருப்பவர்கள் இதற்காகவே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் ஃபைலில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். சார்ட்டின் பின்னால் இருக்கும் பிவட் டேபிளுக்குள் ஒரு கட்டத்தைச் சொடுக்குங்கள். மேலே PivotTable Analyze, அதில் Change Data Source. வரும் பெட்டியில் Table/Range என்ற இடத்தில் கடைசி எண்ணைப் பாருங்கள். அப்புறம் டேட்டா ஷீட்டுக்குப் போய்க் கடைசி வரி எது என்று பாருங்கள். இவளுக்குப் பெட்டியில் 801, ஷீட்டில் 1631.

பெட்டியில் 801ஐ 1631 என்று மாற்றினால் இன்றைக்குச் சரியாகிவிடும். நாளைக் காலை மறுபடி தப்பு. A பத்தி முதல் F பத்தி வரை முழுசாகக் கொடுத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கீழே இருக்கும் காலிக் கட்டங்களும் உள்ளே வந்து, ஊர்ப் பட்டியலில் (blank) என்று ஓர் ஊர் முளைக்கும். பழைய எக்ஸெல் பதிப்புகளில் லிட்டரைப் புதிதாக இழுத்துப் போட்டால் கூட்டாமல் எண்ணிக்கை எடுத்துக் காட்டும்.

சரியான வழி, டேட்டாவையே எக்ஸெல் டேபிளாக மாற்றுவது. பிவட் டேபிள் வேறு, இது வேறு. டேட்டாவுக்குள் ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T அழுத்துங்கள். My table has headers டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து OK கொடுங்கள். மேலே Table Design என்று ஒரு தாவல் வரும், அதன் இடது ஓரத்தில் Table Name. நாங்கள் PaalVaravu என்று வைத்தோம். இதோடு நிறுத்திவிடாதீர்கள். பிவட்டின் விலாசத்தையும் கையால் மாற்றுங்கள். அதே Change Data Source பெட்டியில் பழையதை அழித்துவிட்டு PaalVaravu என்று அடித்து OK கொடுக்க வேண்டும். (பெட்டிக்குள் அம்புக்குறி விசையைத் தொட்டால் விலாசம் தாறுமாறாகும். முதலில் F2 அழுத்திக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.) இனி பிவட் நினைவில் வைத்திருப்பது ஒரு பெயரை. கடைசி வரிக்கு ஒட்டிக் கீழே அடித்தால், ஒட்டினால், டேபிள் தானாக நீளும். பெயரும் கூடவே நீளும்.

ரெஃப்ரெஷ் அப்போதும் வேண்டும். Alt+F5, அல்லது ஃபைலில் உள்ள எல்லாவற்றுக்கும் Ctrl+Alt+F5. மறந்துவிடுவோம் என்றால் PivotTable Options உள்ளே Data தாவலில் Refresh data when opening the file என்பதை டிக் செய்துவிடலாம். டேபிளும் சில நேரம் நீளாது. ஒரு வரி காலியாக விட்டு அடித்தால் அது தனியாகத்தான் நிற்கும். டேபிளின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும், அது கடைசி வரியில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து ரெஃப்ரெஷ் அழுத்தினோம். 4,812 லிட்டராக இருந்த மொத்தம் 9,620 ஆனது. அவள் முகம் மலர்ந்தது. ஆனால் ஷீட்டில் லிட்டர் பத்தியைக் கூட்டினால் 9,711. இன்னும் 91 லிட்டர் எங்கே?

18ஆம் தேதியிலிருந்து ஆறாவதாக ஓர் ஊர் சேர்ந்திருந்தது. அது சார்ட்டில் இல்லை. ஆரம்பத்தில் லிட்டர் 0 போட்டு ஒரு சோதனை வரி அடித்திருக்கிறாள், அதை மறைக்க ஊர்ப் பட்டியலில் ஒரு டிக்கை எடுத்திருக்கிறாள். அப்படிக் கையால் ஒன்றை எடுத்துவிட்டால், பிறகு புதிதாக வரும் பெயர்களையும் எக்ஸெல் டிக் இல்லாமலே சேர்க்கிறது. ஊர் என்ற தலைப்பில் வலது சொடுக்கு, Field Settings, அதில் Include new items in manual filter. அதை டிக் செய்து, புது ஊருக்கும் பட்டியலில் டிக் போட்டோம். ஆறாவது தூண் வந்தது. வரி உள்ளே வந்தும் சார்ட்டில் தெரியாத இந்த இரண்டாவது காரணத்தை யாருமே சொல்வதில்லை.

கடைசியாக, பிவட் டேபிள் இருக்கும் ஷீட்டில் ஓர் ஓரமாக இதை எழுதி வைத்தோம். Litre என்பது எங்கள் பத்தியின் தலைப்பு, $A$3 பிவட்டின் முதல் கட்டம்.

```
=ROUND(SUM(PaalVaravu[Litre])-GETPIVOTDATA("Litre",$A$3),2)
```

0 என்று வந்தால் சார்ட்டும் ஷீட்டும் ஒத்துப்போகின்றன. வேறு எண் வந்தால் ரெஃப்ரெஷ் விட்டுப்போயிருக்கலாம், அல்லது டிக் விட்டுப்போயிருக்கலாம். ஆனால் டேபிளுக்கு வெளியே நிற்கும் வரியை இது கண்டுபிடிக்காது. அதற்கு அந்த மூலைக் குறிதான்.

என் கோபம் எக்ஸெல் மீதுதான். சாதாரண SUM எழுதும்போது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டால், அதே எக்ஸெல் மூலையில் பச்சை முக்கோணம் போட்டு எச்சரிக்கிறது. பிவட் விலாசத்தை ஒட்டி அடுத்த வரியிலேயே 830 வரிகள் நிற்கின்றன, அதற்கு ஒரு சின்ன எச்சரிக்கை கூட இல்லை. பத்து நாள் தவறாமல் ரெஃப்ரெஷ் அழுத்திய பெண்தான் பழியைச் சுமந்தாள். சொல்லிக்கொடுப்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. எக்ஸெல் வகுப்புகளில் முதலில் பிவட், அப்புறம் சார்ட், கடைசியில் நேரம் இருந்தால் Ctrl+T என்று நடத்துகிறார்கள். தினமும் வரி சேரும் கணக்கு வைத்திருப்பவருக்கு முதல் நாளே Ctrl+T சொல்ல வேண்டும், அதன் மேல்தான் பிவட்டைத் தொடச் சொல்ல வேண்டும்.

முதலாளியிடம் இரண்டு எண்ணையும், 801ஐயும் 1631ஐயும், திரையிலேயே காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "தப்பு உன் மேல் இல்லைம்மா" என்றார். மேற்கு ஊருக்கு ஆட்டோவை அவர் நிறுத்தவில்லை.