ஒரு ‘D’ படுத்தும் பாடு

பிறந்தது யாழ்ப்பாணம், குடியுரிமை ஜெர்மனி, வேலையும் வீடும் சிங்கப்பூர். படிவத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

நாட்டினம், குடியுரிமை, வசிக்கும் நாடு என்று மூன்று கட்டங்கள். வசிக்கும் நாட்டுக்கு இரண்டெழுத்து: `SG`. சரி. குடியுரிமைக்கு மூன்றெழுத்து: `DEU`. அதுவும் சரி. பிறகு பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்றது திரை.

காரணம் பாஸ்போர்ட்டின் அடியில், இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் இருக்கிறது. மற்ற நாடுகளுக்கெல்லாம் அங்கே மூன்றெழுத்து; ஜெர்மனிக்கு மட்டும் `D`. மிச்ச இரண்டு இடத்தை `D<<` என்று நிரப்பிவிடுகிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே அப்படித்தான். படிவத்தை எழுதிய மகானுக்கு அது தெரியவில்லை. சரி, `D` என்றே அடிப்போம் என்றால், ‘மூன்று எழுத்துகள் தேவை’ என்கிறது. `DEU` என்றால் பொருந்தவில்லை.

நாட்டினமும் குடியுரிமையும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு கட்டம் என்று திட்டவும் முடியாது. அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க நாட்டினத்தவர், ஆனால் குடிமக்கள் அல்லர். அவர்கள் நாட்டினத்தில் `USA`, வசிக்கும் நாட்டில் `AS` என்று போடலாம். நடுக் கட்டத்தில் எதைப் போடுவார்கள்? காலியாக விட்டால் படிவம் நகராது.

என் படிவமும் நகரவில்லை. நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டோடு.