மாதாவுக்கு நேர்ந்ததைச் செய்ய முடியவில்லையா?

மட்டக்களப்பு ஆயித்தியமலை மாதா கோவில் திருவிழா நெருங்கினால் ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும். "நேர்த்தி வைத்தேன், செய்ய முடியவில்லை, பாவமா?" நான் குருவானவர் இல்லை, மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன். ஆனாலும் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. காரணம், இந்தப் பயத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நம் சொந்தக்காரர்கள்தான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் போதும், "நேர்ந்ததைச் செய்யல்ல, அதான்" என்று ஒரு மாமி சொல்லிவிட்டுப் போவார்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓர் அக்காவின் கதையையே எடுத்துக்கொள்வோம். மகன் சின்ன வயதில் டெங்குவில் கிடந்தபோது மாதாவிடம் மூன்று விஷயம் நேர்ந்தார். வருடா வருடம் நடந்தே ஆயித்தியமலைக்கு வருவேன், மகனையும் கூட்டி வருவேன், என் சங்கிலியைக் காணிக்கையாகப் போடுவேன். மகன் பிழைத்தான். இப்போது அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, வலையிறவுப் பாலம் வரைகூட நடக்க முடியாது. மகன் கட்டாரில். சங்கிலி அடகில். போன மாதம் மகனுக்கு அங்கே வேலை போனதும், "தம்பி, மாதா தண்டிச்சிட்டா" என்று அழுகிறார்.

இனி, திருச்சபை என்ன சொல்கிறது? 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1191 முதல் 1198 வரையான சட்டங்கள் நேர்த்தி பற்றித்தான் பேசுகின்றன. முதல் வரியிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. யோசித்து, சுதந்திரமாக, செய்யக்கூடிய ஒரு நல்ல காரியத்தைக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தால்தான் அது நேர்த்தி. "இந்த வருசம் நடந்து போனால் நல்லாயிருக்கும்" என்று மனதில் நினைத்தது நேர்த்தியில்லை. இந்த இடத்திலேயே பாதிப் பேருடைய பயம் தீர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தைச் சிலர் பிழையாகச் சொல்கிறார்கள். "பயத்தில் நேர்ந்தது செல்லாது" என்று. சட்டம் சொல்லும் பயம், இன்னொருவர் அநியாயமாக மிரட்டி உண்டாக்கும் கடும் பயம். பிள்ளைக்கு வருத்தம் என்று ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுதுகொண்டு நேர்ந்தது அந்தக் கணக்கில் வராது. அக்கா நேர்ந்தது நேர்த்திதான்.

சரி, மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். மகனின் பங்கு லேசானது. நேர்த்தி நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது 1193. தாய் நேர்ந்ததற்காக மகன் வந்தாக வேண்டும் என்றில்லை. வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

நடைதான் அக்காவை அதிகம் வாட்டியது. தனிப்பட்ட நேர்த்தியை அதற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறந்த ஒரு நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறைந்த ஒன்றாக மாற்றவோ முழுதாக விலக்குப் பெறவோதான் அதிகாரம் உள்ளவரிடம் போக வேண்டும். அந்த அதிகாரம் ஆயரிடம் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உங்கள் பங்குத்தந்தைக்கே அது இருக்கிறது. நியாயமான காரணம் வேண்டும், மற்றவருக்குச் சேர வேண்டிய உரிமை கெடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. தேய்ந்த முழங்காலைவிட நியாயமான காரணம் என்ன வேண்டும்?

பூசை முடிந்து பாதரின் அறைக்கு அக்காவோடு நானும் போனேன். பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. என்ன நேர்ந்தார், எப்போது, இப்போது ஏன் முடியவில்லை என்று கேட்டார். பஸ்ஸில் திருவிழாவுக்கு வாருங்கள், வழியில் செபமாலை சொல்லுங்கள் என்றார். சங்கிலிக்கு, "அது அடகில் கிடக்க, வட்டிக்கு வாங்கி மீட்டு மாதாவுக்குப் போடாதீங்க அம்மா" என்று சொல்லிவிட்டு, இயன்றபோது முதியோர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கும்படி மாற்றிவிட்டார்.

இது ஏதோ இந்தக் காலத்துச் சலுகை என்று நினைக்க வேண்டாம். லேவியர் நூலின் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓர் ஆளைக் கடவுளுக்கு நேர்ந்தால் எவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும் என்று வயதுவாரியாக விலைப்பட்டியலே இருக்கிறது. இருபது முதல் அறுபது வயது வரையான ஆணுக்கு 50 செக்கேல், பெண்ணுக்கு 30. அடுத்து எட்டாம் வசனம்: அவ்வளவு கட்ட வசதியில்லாத ஏழையாக இருந்தால் குருவிடம் வரட்டும், அவருடைய சக்திக்கு ஏற்றபடி குரு மதிப்பிடட்டும். நேர்ந்துவிட்டுச் செய்யாமல் விடுவதைவிட நேராமலே இருப்பது நல்லது என்ற சபை உரையாளரின் வசனத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள், இந்த வசனத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அந்த வசனம் ஏமாற்ற நினைப்பவனுக்கு. வழியில்லாதவளுக்கு இல்லை. கடவுள் ஒன்றும் தவணை பிந்தினால் வாசலில் வந்து கத்தும் லீசிங்காரர் இல்லை.

மகனின் வேலை போனதற்கும் சங்கிலிக்கும் முடிச்சுப் போடுவதை பாதர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அக்கா முழுதாக நம்பினாரா என்று தெரியாது. வெளியே வந்ததும், மட்டக்களப்பு நகரில் இன்னொரு பாதரிடமும் கேட்டுப் பார்ப்போமா என்றார். வேண்டாம் என்றேன். மாற்றிக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு திரிந்தால் பயம்தான் கூடும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இதற்காக ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பங்குத்தந்தையின் இந்த அதிகாரம் அவருடைய பங்கு மக்களுக்கு மட்டுமில்லை, அவருடைய எல்லைக்குள் வந்து நிற்கிற பயணிக்கும் செல்லும். இப்போது இருக்கிற இடத்துப் பங்குத்தந்தையிடமே போய்ச் சொல்லலாம்.