ஃபுனபோரியில் ஏற எனக்கு உரிமை இல்லையாம்

ஆறு மாத ரயில் பாஸ் எடுத்து மாட்டிக்கொண்டேன். வயிறு எரிகிறது.

டோக்கியோவில் எதொகாவா பக்கம் இருக்கும் நம்மாட்களுக்கு இடம் சொன்னாலே புரியும். என் வீடு நிஷி-கசாய்க்கும் ஃபுனபோரிக்கும் நடுவில். சைக்கிள் மிதித்தால் இரண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே தூரம்தான். ஆபீஸ் ஷிஞ்சுகுவில். ஃபுனபோரியில் தோஎய் ஷிஞ்சுகு லைனில் ஏறினால், இறங்கி மாறும் வேலையே இல்லை, ஏறக்குறைய அரை மணியில் ஷிஞ்சுகு. நிஷி-கசாயில் ஏறினால் தோசாய் லைனில் ஓதெமாச்சி வரை போய், சுரங்கத்துக்குள் நடையாய் நடந்து மருனோஉச்சி லைனைப் பிடித்து, அது டோக்கியோ, கின்ஸா என்று ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டு ஷிஞ்சுகு போய்ச் சேரும்.

எந்த வழிக்கு பாஸ் எடுப்பீர்கள்? குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் பயணப்படி கொடுப்பது கம்பெனி. அங்கே கணக்குப் பிரிவு அம்மா கணினியில் வழி தேடினார். தோசாயும் மருனோஉச்சியும் மெட்ரோ நிறுவனத்தின் லைன்கள், தோஎய் தனி நிர்வாகம். மெட்ரோவில் மட்டும் போனால் தோஎயைவிடக் கட்டணம் குறைவு. முடிந்தது கதை. "மன்னிக்க வேண்டும், விதிப்படி மலிவான வழிக்குத்தான் தர முடியும்" என்று தலை வணங்கிச் சொன்னார். இந்த ஊரில் வணங்கிக்கொண்டே மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. படியை வாங்கிக்கொண்டு வேறு வழிக்கு எடுக்கவும் முடியாது. பாஸ் கார்டின் முகத்திலேயே எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, எந்தத் தேதி வரை என்று அச்சாகிவிடும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.

தோசாய் லைனின் காலை நேரம் தெரியாதவர்களுக்கு: 2019 கணக்கில் கிபா, மொன்ஸென்-நகச்சோ இடையே நெரிசல் 199 சதவீதம். நூறு பேருக்கான இடத்தில் இருநூறு பேர். அதற்குப் பிறகு குறைந்திருக்கிறது என்கிறார்கள். என் விலா எலும்புக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை. விரைவு வண்டி நிஷி-கசாயில் நிற்பதில்லை. என் மூக்குக்கு முன்னால் விர்ரென்று போகும். அப்புறம் வரும் சாதா வண்டி சிபா பக்கத்திலேயே நிரம்பி வருகிறது. கதவு மூடும்போது பையை நெஞ்சோடு அணைத்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடிய பின் கையை எடுத்து மூக்கைச் சொறிய முடியாது. கிபா தாண்டும் வரை அரிப்பை அனுபவிக்க வேண்டியதுதான்.

சரி, போதுமடா சாமி, சொந்தக் காசிலாவது ஃபுனபோரி பாஸுக்கு மாறிவிடலாம் என்று கவுண்டருக்குப் போனேன். அங்கேதான் உண்மையான அடி. ஆறு மாத பாஸின் விலை ஒரு மாத பாஸைப்போல் 5.4 மடங்கு. (நம்மூர் ரயில்வே ஆறு மாத சீசனும் இதே 5.4தான்.) நான் பயன்படுத்தியது ஒரு மாதமும் மூன்று நாளும். திருப்பிக் கொடுத்தால் இரண்டு மாதம் என்று வைத்துத்தான் கழிப்பார்களாம், அதுவும் தள்ளுபடி இல்லாத முழு மாத விலையில். ஆக 5.4இல் 2 போய், மிச்சம் 3.4 மாதப் பணம். அதிலும் 220 யென் கட்டணம். மூன்று நாள் முன்னால் போயிருந்தால் 4.4 கிடைத்திருக்கும். மூன்று நாளுக்கு ஒரு மாதப் பணம்! அந்த மூன்று நாளும் நான் செய்தது என்ன? "திங்கட்கிழமை போய்க் கேட்கலாம்" என்று தள்ளிப்போட்டதுதான்.

பாஸை வைத்துக்கொண்டே சில நாள் மட்டும் கார்டில் இருக்கும் காசில் ஃபுனபோரி வழியாகப் போகலாமே என்பீர்கள். போனேன். போக வர ஐநூறு யென்னுக்கு மேல். ஏற்கெனவே பணம் கட்டிய வழி ஒன்று சும்மா கிடக்க, இன்னொன்றுக்கு தினம் அழுவதா? நாலே நாளில் கை வலித்தது.

இதில் உச்சகட்ட வேடிக்கை போன வாரம் நடந்தது. யாரோ தண்டவாளத்தில் இறங்கிவிட்டார் என்று காலையில் தோசாய் நின்றது. உடனே ஃபுரிகாயே அறிவித்தார்கள். அதாவது, நின்றுபோன லைனுக்கு பாஸ் இருந்தால் அதைக் காட்டி வேறு கம்பெனி லைனில் இலவசமாகப் போகலாம். கார்டில் காசு போட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் சைக்கிளைத் திருப்பி ஃபுனபோரிக்கு விட்டேன். பாஸை நீட்டினேன், கேட்டில் இருந்தவர் பார்த்துத் தலையாட்டினார். நின்றபடிதான் ஏறினேன், ஆனால் கைப்பிடி கிடைத்தது. குதான்ஷிதா தாண்டியதும் இருக்கையே கிடைத்தது. ஷிஞ்சுகுவில் இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறேன்.

கைப்பேசியில் தோசாயின் தாமதச் சான்றிதழ் தயாராக இருந்தது. அதைக் கணக்குப் பிரிவு அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது.