ஷார்ப்னஸ் 100: தெளிவு அல்ல, பொய்க் கோடு

“டிவியில் ஷார்ப்னஸை 100இல் வையுங்கள், பழைய படமும் 4கே போலத் தெளியும்.” திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

இது தவறு. ஷார்ப்னஸ் புதிய விவரம் எதையும் கொண்டுவராது; விளிம்புகளின் ஓரத்தில் இல்லாத கோட்டை வரைகிறது, அவ்வளவுதான். AVS HD 709 என்ற இலவசச் சோதனைப் படத் தொகுப்பை யூஎஸ்பியில் ஏற்றி நீங்களே சரிபார்க்கலாம். உப்புவெளியில் சித்தி வீட்டு டிவியில் பார்த்தேன்: சாம்பல் பின்னணியில் இருந்த கறுப்புக் கோடுகளைச் சுற்றி, 100இல் வெள்ளை ஓரம் தடித்து நின்றது. மெல்லக் குறைத்தபோது 10இல் அது மறைந்தது. அதற்குக் கீழே கோடுகளே மங்கின. பத்திலேயே விட்டோம். சில டிவிகளில் அந்த இடம் 0, சிலவற்றில் 50. ஆகவே எண்ணைப் பார்க்காமல் கோட்டைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.